பக்கத்து வீட்டு டீச்சருக்கு மலையாளத்தில் ஒரு மன்னிப்புச் சேதி

கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால் அதில் ஒன்றாவது மலையாளம் பேசுகிற வீடாக இருக்கும். வாளையாறு தாண்டினால் பாலக்காடு. அந்த ஊர்க்காரர்களுக்கு நம் தமிழ் ஓரளவு புரியும், அவர்கள் பேச்சு நமக்கும் காதில் விழுந்து பழகியிருக்கும். வீட்டு விசேஷத்தில் சத்தம் அதிகமாகி, மறுநாள் அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே இரண்டு வரி மன்னிப்பு எழுத நினைக்கும்போது இந்த நெருக்கமே நம்மைக் கவிழ்த்துவிடும். தமிழ்ச் சொல்லின் வாலை மட்டும் மலையாளமாக்கினால் போதும் என்று தோன்றும். அப்படி எழுதிய வரி புரியும், ஆனால் மரியாதைக் குறைவாகவோ, பழியைப் பாதி அவர்கள் தலையில் போட்டதாகவோ ஒலிக்கக்கூடும்.

ஒரே ஒரு நிலைமையை எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை பையனுக்குக் காதுகுத்து. சனிக்கிழமை இரவு பதினொன்றே முக்கால் வரை மைக் செட் பாடியது. விடியற்காலை நாலு மணிக்குச் சமையல்காரர்கள் அண்டா, கொப்பரையை உருட்ட ஆரம்பித்தார்கள். பந்தல் கால் ஒன்று பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு நேராக நின்றதால் ஞாயிறு காலையில் அவர்கள் காரை வெளியே எடுக்க முடியவில்லை. அந்த வீட்டில் இருப்பது ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையும் அவர் கணவரும். சேதி திங்கட்கிழமை காலை போக வேண்டும்.

முதலில் மொழியை உறுதி செய்யுங்கள்

கேரள நம்பர் பிளேட் இருக்கிறது, ஓணத்துக்குப் பூக்களம் போடுகிறார்கள் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பாலக்காடு மாவட்டத்தில் வீட்டு மொழி தமிழாகவே உள்ள குடும்பங்கள் நிறைய உண்டு, சித்தூர்ப் பக்கம் குறிப்பாக. அவர்களுக்கு மலையாளத்தில் சேதி அனுப்பினால், 'நம்மை வெளியூர்க்காரராகவே நினைத்துக்கொண்டிருந்தார்களா' என்று இன்னொரு வருத்தம் சேரும். வீட்டுக்குள்ளே கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசுவது எந்த மொழி என்று காதில் விழுந்திருந்தால் அதுதான் நம்பத்தக்க அடையாளம்.

எழுத்து வேறு விஷயம். கோவையிலேயே படித்து வளர்ந்த மலையாளிப் பிள்ளைகள் பலர் பேசுவார்கள், மலையாள எழுத்தைப் படிக்கத் தடுமாறுவார்கள். அவர்களுக்கு ஆங்கில எழுத்தில் தட்டிய மலையாளமே வசதி. கேரளத்தில் பள்ளியில் பாடம் நடத்திய டீச்சருக்கு மலையாள எழுத்தில்தான் அனுப்ப வேண்டும்.

தமிழ் வரைவைச் சரி செய்தபிறகே மொழிபெயர்ப்பு

நம் வாயில் தானாக வருவது இப்படி இருக்கும்:

"வணக்கமுங்க டீச்சர். நேத்து நம்ம பையனுக்குக் காதுகுத்து விசேஷமுங்க. கொஞ்சம் சத்தமாப் போச்சு. சொந்தபந்தம் நெறைய வந்துட்டாங்க, ஒண்ணும் பண்ண முடியல. உங்களுக்குத் தொந்தரவா இருந்திருந்தா மன்னிச்சுக்கோங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

நேரில் நின்று, கையைப் பிசைந்துகொண்டு சொன்னால் இது நல்ல பேச்சு. முகமும் குரலும் மீதியைச் சொல்லிவிடும். எழுத்தில், அதுவும் இன்னொரு மொழியில், முகம் போகாது. சொல் மட்டும்தான் போகும். அப்போது "கொஞ்சம்" என்பது நடந்ததைச் சுருக்குகிறது. "இருந்திருந்தா" என்பது தொந்தரவு இருந்ததா இல்லையா என்பதையே சந்தேகமாக்குகிறது. "ஒண்ணும் பண்ண முடியல" என்பது சாக்கு. ஒலி மாசுக் கட்டுப்பாட்டுக்கான 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணிதான் எல்லை, அதன்பின் காலை ஆறு வரை கூடாது. பதினொன்றே முக்கால் வரை பாடவிட்ட பிறகு "கொஞ்சம்" என்று எழுதினால், அந்த இரவு விழித்துக் கிடந்தவருக்கு அந்தச் சொல்தான் முதலில் கண்ணில் படும்.

ஆகவே தமிழிலேயே திருத்துங்கள். நடந்தது என்ன, எத்தனை மணி வரை, அவர்களுக்கு என்ன கஷ்டம், யார் தப்பு, இன்று என்ன செய்யப் போகிறோம், அடுத்த முறை என்ன செய்வோம். இவ்வளவுதான் தேவை:

"டீச்சர், நேத்து எங்க பையனுக்குக் காதுகுத்து. சனிக்கிழமை ராத்திரி பதினொன்றே முக்கால் வரை மைக்கில் சத்தமாகப் பாட்டு வைத்தோம். விடியற்காலை நாலு மணிக்குப் பாத்திரச் சத்தமும் இருந்தது. ஞாயிறு காலை பந்தல் கால் கேட்டு முன்னால் நின்றதால் காரை எடுக்க முடியவில்லை. டீச்சருக்கும் சாருக்கும் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. முன்கூட்டியே வந்து சொல்லாதது எங்கள் தப்பு. மன்னிக்கணும். பந்தலை இன்று சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன் பிரித்துவிடுவார்கள். இனி வீட்டில் எது வைத்தாலும் ஒரு வாரம் முன்பே வந்து சொல்கிறோம். ராத்திரி பத்து மணிக்குப் பாட்டை நிறுத்திவிடுகிறோம்."

இதில் "உங்கள்", "உங்களுக்கு" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வேண்டுமென்றே எடுத்தது.

'நீங்கள்' என்ற சொல்லில் உள்ள வம்பு

தமிழில் வயதில் மூத்தவரை "நீங்க" என்றால் மரியாதை முடிந்தது. மலையாளத்தில் அதன் நேர்ச்சொல் "நிங்ஙள்". உருவம் ஒன்றுதான், எடை வேறு. பலரைச் சேர்த்துச் சொல்லவும், ஒத்த வயதுக்காரரிடமும் அது சரி. மூத்தவரிடம், அதுவும் ஓர் ஆசிரியையிடம் "நிங்ஙள்க்கு" என்று எழுதினால் எட்டி நின்று பேசுவதுபோல, சில சமயம் சண்டைக்கு வந்ததுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் மாற்றுகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

சரி, அதைவிடப் பெரிய மரியாதைச் சொல் என்று "தாங்கள்" போட்டால்? மலையாளத்தில் அது அலுவலகக் கடிதத்தின் சொல். பக்கத்து வீட்டுக்கு வங்கி நோட்டீஸ் அனுப்பியதுபோல ஆகிவிடும்.

மலையாளிகள் செய்வது என்னவென்றால், 'நீ' வரிசைச் சொல்லையே தவிர்த்துவிட்டு உறவுப்பெயரையோ தொழிற்பெயரையோ அந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து வயது மூத்த ஆண் என்றால் சேட்டன், பெண் என்றால் சேச்சி. அப்பா அம்மா வயதுக்காரர் என்றால் நகரத்தில் அங்கிள், ஆன்ட்டி. பள்ளியில் வேலை பார்த்த பெண்ணை ஓய்வுபெற்ற பின்னும் ஊரே "டீச்சர்" என்றுதான் கூப்பிடும். ஆண் என்றால் "மாஷ்". இந்த வீட்டில் "டீச்சரே" என்று தொடங்கி, "உங்களுக்கு" வரவேண்டிய இடத்தில் "டீச்சர்க்கும் ஸாறினும்" என்று எழுதினால் போதும். தமிழ் வரைவில் "உங்க" என்பதை முன்பே எடுத்துவிட்டால் மொழிபெயர்ப்பவர் யாராக இருந்தாலும் அந்தக் குழியில் விழ வழியே இல்லை.

நம் "ங்க" மலையாளத்துக்குப் போகாது. வணக்கமுங்க, சொல்றோமுங்க என்று கொங்குப் பேச்சில் சொல்லுக்குச் சொல் ஒட்டுகிற அந்த மரியாதைக்கு அங்கே ஒட்டு கிடையாது. அதை விளிச்சொல்லும் வினைமுடிவும் சேர்ந்து சுமக்க வேண்டும். "பறயும்" என்றால் சொல்வோம் என்ற வெறும் செய்தி. "பறயாம்" என்றால் 'நாங்களாகவே சொல்கிறோம்' என்று முன்வந்து ஒப்புக்கொள்வது. வாக்குக் கொடுக்கும் இரண்டு வரிகளும் "ஆம்" என்றே முடியட்டும்.

'நம்ம பையன்', 'நம்ம தப்பு'

கொங்கு நாட்டில் தன் பிள்ளையை "நம்ம பையன்" என்றும், தன் வீட்டை "நம்மூடு" என்றும் சொல்வது பணிவும் அன்பும் கலந்த வழக்கம். கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்வது அதன் அழகு. மலையாளத்திலும் தமிழைப் போலவே இரண்டு சொல் உண்டு: கேட்பவரைச் சேர்த்தால் "நம்மள்", சேர்க்காவிட்டால் "ஞங்ஙள்". "நம்மளுடெ மோன்" என்று எழுதினால் டீச்சர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் அதே கையோட்டத்தில் "நம்மளுடெ தெற்று" என்று எழுதினால், 'நாம் இரண்டு வீட்டாரும் செய்த தப்பு' என்று பொருளாகிறது. மன்னிப்புச் சேதியில் இதைவிட மோசமான பிழை இருக்க முடியாது. சேதி முழுக்க "ஞங்ஙள்" மட்டுமே வரட்டும்.

ஒன்றுபோலத் தெரிந்து ஏமாற்றும் சொற்கள்

தவறு என்பதற்கு மலையாளத்தில் "தெற்று". "தப்பு" என்று அப்படியே எழுதினால் கொட்டுகிற தப்பு நினைவுக்கு வரலாம். மைக் செட் தகராறுக்குப் பிறகு அது வேண்டவே வேண்டாம்.

"விசேஷம்" என்பதை நாம் வீட்டு நிகழ்ச்சிக்குச் சொல்கிறோம். அங்கே "எந்துண்டு விசேஷம்" என்றால் என்ன சேதி, என்ன நலம் என்று கேட்பது. நிகழ்ச்சிக்கு "பரிபாடி" என்பது நாள்தோறும் புழங்கும் சொல். காதுகுத்து என்ற சொல்லை மட்டும் மாற்றத் தேவையில்லை. அங்கேயும் அதே பெயர்தான்.

மன்னிப்புக்கு இரண்டு சொல் இருக்கிறது, தேர்வு முக்கியம். "மாப்பு" என்பது கனமானது. பொது மேடையில் ஒருவர் 'மாப்பு பறயணம்' என்று எதிர்க்கட்சி கேட்கும், அந்த இடத்துச் சொல். தெருவில் பக்கத்து வீட்டுக்கு "க்ஷமிக்கணம்" போதும், அதுவே பொருத்தம். "சாரி" என்பது தோள் இடித்ததற்குச் சொல்வது. இரவுத் தூக்கம் போனதற்குப் போதாது.

கஷ்டம், இடைஞ்சல் என்பதற்குச் சரியான சொல் "புத்திமுட்டு". தமிழ்க் கண்ணுக்கு இது ஏதோ புத்தி முட்டிக்கொண்டதுபோலத் தெரிவதால் பலர் பயந்து அடித்துவிட்டு "அசௌகர்யம்" என்று போடுவார்கள். "அசௌகர்யத்தில் கேதிக்குன்னு" என்பது சாலை வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் பலகையின் நடை, நம் 'சிரமத்திற்கு வருந்துகிறோம்' மாதிரி. புத்திமுட்டைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதேபோல் "உறக்கெ" என்றால் உரக்க, சத்தமாக. தூக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. "பந்தல் அழிக்கும்" என்றால் பந்தலைப் பிரிப்பார்கள் என்பதுதான், நாசமாக்குவது அல்ல. சரியான மொழிபெயர்ப்பு கையில் வந்தபிறகு இந்த மூன்று சொல்லையும் பார்த்துவிட்டுத் 'தப்பாக இருக்கிறதே' என்று நாமே திருத்திக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது.

முழுச் சேதி

நேரில் வாசிக்கவும் குரல் பதிவாக அனுப்பவும் உதவும்படி தமிழ் எழுத்தில் தருகிறோம்:

"டீச்சரே, இன்னலெ ஞங்ஙளுடெ மோன்டெ காதுகுத்தாயிருன்னு. சனியாழ்ச்ச ராத்ரி பதினொன்னேமுக்கால் வரெ மைக்கில் உறக்கெ பாட்டு வெச்சு. புலர்ச்செ நாலு மணிக்கு பாத்ரங்ஙளுடெ ஒச்சயும் உண்டாயிருன்னு. ஞாயறாழ்ச்ச ராவிலெ பந்தலின்டெ கால் கேற்றின்டெ முன்னில் நின்னதுகொண்டு காறெடுக்கான் பற்றியில்ல. டீச்சர்க்கும் ஸாறினும் ஒருபாடு புத்திமுட்டாயி. நேரத்தெ வன்னு பறயாதிருன்னது ஞங்ஙளுடெ தெற்றாணு. க்ஷமிக்கணம். பந்தல் இன்னு வைகுன்னேரம் அஞ்சு மணிக்கு மும்பு அழிக்கும். இனி வீட்டில் எந்து பரிபாடி உண்டெங்கிலும் ஒராழ்ச்ச மும்பே வன்னு பறயாம். ராத்ரி பத்து மணிக்கு பாட்டு நிர்த்தாம்."

"பாட்டு வெச்சு" என்பது தமிழில் பாதியில் நிற்கும் வினைபோலத் தெரியும். மலையாள வினைக்கு நான், நாங்கள், அவர் என்ற வால் கிடையாது. "வெச்சு" என்றாலே 'வைத்தோம்' என்று முடிந்துவிட்டது. பக்கத்தில் எதையும் ஒட்ட வேண்டாம்.

வாசிக்கும்போது இரண்டு ஒலிகளில் கவனம் வேண்டும். "தெற்று", "பற்றியில்ல" ஆகியவற்றில் உள்ள 'ற்ற' தமிழில் நாம் சொல்வதுபோல உருளாது. நாக்கு நுனியை மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தி, 'ட்ட'வுக்கும் 'த்த'வுக்கும் நடுவே ஓர் ஒலி எழுப்ப வேண்டும். "ங்ஙள்" என்பதில் 'க' ஒலி கேட்கவே கூடாது, மூக்கொலி மட்டும் இரட்டிப்பாகும். "தெற்றாணு", "இன்னு" போன்றவற்றின் கடைசி உகரம் நம் குற்றியலுகரம்போலக் குறுகி நிற்கும்.

திங்கள் அல்லாமல் செவ்வாய்க்கிழமை அனுப்புவதானால் "இன்னலெ" பொய்யாகிவிடும். "இன்னலெ" நேற்று, "இன்னு" இன்று. இரண்டும் கண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் குழப்பம் வரும். அப்போது "ஞாயறாழ்ச்ச" என்று கிழமையையே போட்டுவிடுங்கள்.

மலையாள எழுத்தில் அனுப்பும் முறை

ஜிபோர்டு விசைப்பலகையின் அமைப்பில் மொழிகள் பகுதிக்குப் போய் மலையாளத்தைச் சேர்க்கும்போது, ஆங்கில எழுத்தால் ஒலிப்படி தட்டும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள ஒலியைத் தட்டினால் மலையாள எழுத்து பரிந்துரையாக மேலே வரும். முதலில் வரும் சொல்லையே தட்டிவிடாதீர்கள். ல, ள, ழ, ர, ற, ன, ண எல்லாம் மலையாளத்திலும் தனித்தனி எழுத்து. ஆங்கிலத்தில் அவை கலந்துவிடுவதால் தப்பான சொல் முன்னால் வந்து நிற்கும்.

அனுப்பும் முன் மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அலுவலகத்திலோ மருந்துக் கடையிலோ ஒருவர் கட்டாயம் கிடைப்பார். தமிழ் வரைவைக் காட்டக் கூடாது. மலையாளத்தை மட்டும் கொடுத்து, 'இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். பதினொன்றே முக்கால், கேட்டு, தப்பு யாருடையது, இன்று அஞ்சு மணி, அடுத்த முறை பத்து மணி ஆகிய ஐந்தும் அவர் வாயிலிருந்து திரும்பி வந்தால் சேதி சரி. தப்பு யாருடையது என்ற இடத்தில் அவர் தயங்கினால் "நம்மள்" எங்கோ நுழைந்திருக்கிறது. கூடவே, 'இது வீட்டு ஆள் எழுதியதுபோல இருக்கிறதா, நோட்டீஸ்போல இருக்கிறதா' என்றும் கேளுங்கள். நோட்டீஸ் என்றால் தாங்கள், அசௌகர்யம் இரண்டையும் தேடிப் பாருங்கள்.

எப்போது, எப்படிக் கொடுப்பது

உறவினர்கள் இன்னும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது அனுப்ப வேண்டாம். சத்தம் ஓயாமல் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டதாகும். திங்கள் காலை ஒன்பது மணிக்குமேல் அனுப்பிவிட்டு, சாயங்காலம் ஒருமுறை கேட்டுவரை போய் நில்லுங்கள். வெற்றிலை பாக்கு, பழம், விசேஷத்துப் பலகாரம் எடுத்துப் போகலாம், ஆனால் பேச்சு முதலில், தட்டு பிறகு. கெடா விருந்து வைத்திருந்தால் மிச்சக் கறிக்குழம்பைக் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் சைவமா என்று தெரியாது, தெரிந்தாலும் மிச்சம் மிச்சம்தான்.

பதில் "ஸாரமில்ல" என்று வந்தால் 'பரவாயில்லை' என்று பொருள். "குழப்பமில்ல" என்று வந்தாலும் அதேதான். குழப்பம் என்பது அங்கே பிரச்சினை. வெறும் "சரி" என்றோ கட்டைவிரல் படமோ வந்தால் கோபம் இன்னும் ஆறவில்லை என்று எடுத்துக்கொண்டு, மறுபடி மறுபடி எழுதாமல் விட்டுவிடுங்கள்.

எழுதிய வாக்கில் முதலில் சோதனைக்கு வருவது அந்த அஞ்சு மணி. பந்தல்காரர் தாமதமாவது வழக்கம். நாலரைக்குப் போன் போட்டு அவர் புறப்படவில்லை என்று தெரிந்தால், அஞ்சு அடிக்கும் முன்பே டீச்சருக்கு இந்த ஒரு வரி போக வேண்டும்: "டீச்சரே, பந்தலுகார் எத்தான் வைகும், ஏழு மணியாகும். க்ஷமிக்கணம்." அதற்குள் கேட்டுக்கு நேராக நிற்கிற அந்த ஒற்றைக் காலையாவது வீட்டு ஆட்களே கயிற்றை அவிழ்த்து ஓரமாகச் சாய்த்து வைத்துவிடலாம். கார் வெளியே வர வழி வேண்டும், அவ்வளவுதான்.